மீஞ்சூரின் உப்பு நீர்: ஆய்வுக் கட்டுரைகளை அருகருகே வைத்துப் படிக்கச் சில குறிப்புகள்

மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960-களின் இறுதியிலேயே கவனத்துக்கு வந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நடந்த அந்தக்கால ஆய்வில் தொடங்கி, அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சமீபத்திய கட்டுரைகள் வரை இந்தக் கொசஸ்தலை, ஆரணி ஆற்றுப் படுகையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது எம்.எஸ்சி.க்கோ பிஎச்.டி.க்கோ இதைத் தலைப்பாக எடுத்திருந்தால், பத்துக் கட்டுரை படித்து முடிப்பதற்குள் எது எதில் இருந்தது என்பது குழம்பிவிடும். அப்போது கைகொடுப்பது ஒப்பீட்டு அட்டவணை. எக்செல்லில் போடலாம், நீளமான கணக்கு நோட்டிலும் போடலாம்.

1. முதலில் கேள்வியை அட்டவணையின் தலையில் எழுதிவையுங்கள். “மீஞ்சூர் நிலத்தடி நீர்” என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. “உப்பு நீர் கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம், எந்த ஆழத்தில் வந்திருக்கிறது?” என்று எழுதினால், எந்தக் கட்டங்கள் வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

2. ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசை. ஆனால் ஒரே குழு, ஒரே கிணறுகளில் எடுத்த அதே நீர் மாதிரிகளை வைத்து மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கலாம். அவற்றை மூன்று சாட்சிகளாக எண்ணிவிடக் கூடாது. கிணறுகளின் வரைபடத்தையும் மாதிரி எடுத்த மாதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த வரிசைகளுக்கு ஒரே நிறம் பூசிவையுங்கள்.

3. ‘முறை’ என்ற கட்டத்தில் “கள ஆய்வு” என்று எழுதினால் பயனில்லை. இந்தத் தலைப்பில் பெரும்பாலும் மூன்று வகைதான் வரும்: கிணற்று நீரின் வேதியியல் சோதனை, தரைக்கு மேலிருந்து அளக்கும் மின்தடை அளவீடு, கணினி மாதிரி. இதில் எது என்பதை எழுதி, பக்கத்திலேயே “நேரடி அளவா, ஊகமா” என்று இன்னொரு கட்டம் வையுங்கள். மின்தடை குறைவாக இருந்தால் அங்கே உப்பு நீர் இருக்கலாம். களிமண் இருந்தாலும் மின்தடை குறையும். இந்தப் படுகையில் மணல் அடுக்குகளுக்கு நடுவே களிமண் அடுக்குகள் உண்டு. ஆகவே மின்தடையை மட்டும் நம்பிய முடிவுக்கு, அதே இடத்தில் நீர்ச் சோதனையும் நடந்ததா என்று தேடிக் குறிக்க வேண்டும்.

4. அதிகக் கவனம் கேட்பது ‘மாதிரி’ கட்டம். “40 கிணறுகள்” என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடாதீர்கள். இதை நான்கு சிறு கட்டங்களாகப் பிரித்துவிடுவதே நல்லது.

முதலாவது, எத்தனை கிணறு. இரண்டாவது, எந்த ஆழம். மேலடுக்கில் இருக்கும் திறந்த கிணற்று நீரும், களிமண்ணுக்குக் கீழே போகும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒரே ஊரில் வெவ்வேறு கதை சொல்லும். மூன்றாவது, எந்த மாதம், எந்த ஆண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் எடுத்த நீரும், மே மாதத்து நீரும் ஒன்றல்ல. கட்டுரை வெளியான ஆண்டை இங்கே எழுதக் கூடாது. மாதிரி எடுத்து மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்தும் கட்டுரை வரும். காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. ஒரு மாதிரி அதற்கு முந்தையதா, பிந்தையதா என்பது உங்கள் கேள்விக்கு முக்கியமாகலாம். நான்காவது, தூரத்தை எங்கிருந்து அளந்தார்கள் என்பது. கடற்கரையிலிருந்தா, பக்கிங்காம் கால்வாயிலிருந்தா என்பதைப் பொறுத்துக் கிலோமீட்டரே மாறிவிடும். கால்வாயும் கழிமுகமும் உப்பளங்களும் இருக்கிற பகுதி என்பதால், உப்பு கடலிலிருந்துதான் வந்தது என்று கட்டுரை எப்படி நிரூபிக்கிறது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

5. ‘முடிவு’ கட்டத்தைச் சுருக்கவுரையிலிருந்து நிரப்ப வேண்டாம். முடிவுகள் பகுதிக்குப் போய், எண்ணையும் பக்க எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். “இத்தனை ஆண்டில் இத்தனை கிலோமீட்டர் உள்ளே வந்தது” என்ற வரி கட்டுரைகளின் முன்னுரையில் அடிக்கடி வரும். அது அந்தக் கட்டுரை கண்டுபிடித்தது அல்ல, பழைய அறிக்கையிலிருந்து எடுத்துக்கொண்டது. அதை முடிவாக எழுதிவிட்டால், ஒரே பழைய எண் பத்து வரிசையில் உட்கார்ந்துகொண்டு பத்து ஆய்வுகள் ஒத்துப்போவதுபோலக் காட்டும்.

6. எந்த அளவைத் தாண்டினால் ‘உப்பு நீர்’ என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள் என்பதற்குத் தனிக் கட்டம் போடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதி. ஒருவர் 250-ஐயும் இன்னொருவர் 1,000-ஐயும் எல்லையாக வைத்தால், ஒரே தரவிலிருந்து இரண்டு கோடுகள் வரும்.

7. அலகை மாற்றும்போது, கட்டுரையில் இருந்ததை ஒரு கட்டத்தில் அப்படியே வைத்து, மாற்றியதைப் பக்கத்தில் எழுதுங்கள். கடல்நீரின் அடையாளமாகச் சோடியம், குளோரைடு விகிதத்தைப் பார்ப்பார்கள். மோல் கணக்கில் அது சுமார் 0.86, மில்லிகிராம் கணக்கில் சுமார் 0.56. எந்தக் கணக்கு என்று பார்க்காமல் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால், கடல்நீரே கடல்நீர் இல்லை என்று ஆகிவிடும். எடை விகிதத்தை 1.54-ஆல் பெருக்கினால் மோல் விகிதம் கிடைக்கும்.

8. வெற்றுக் கட்டம் விடாதீர்கள். “கட்டுரை சொல்லவில்லை”, “பொருந்தாது”, “இன்னும் பார்க்கவில்லை” என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். கிணற்றின் ஆழத்தைச் சொல்லாத கட்டுரைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க முடிவதே ஒரு கண்டுபிடிப்பு.

9. நிரப்பி முடித்ததும் அட்டவணையை மேலிருந்து கீழாகப் படியுங்கள். இதை விளக்க, நானே கற்பனையாகச் சில எண்கள் போடுகிறேன். முதல் வரிசை: திறந்த கிணறு, ஜனவரி, எல்லை 1,000, உப்பு 5 கிலோமீட்டர் வரை. இரண்டாவது: ஆழ்துளைக் கிணறு, மே, எல்லை 250, உப்பு 12 கிலோமீட்டர் வரை. முடிவை மட்டும் படித்தால் இருவரும் முரண்படுகிறார்கள், அல்லது உப்பு 7 கிலோமீட்டர் முன்னேறிவிட்டது. ஆழம், மாதம், எல்லை மூன்றும் மாறியிருப்பதால் அந்த இரண்டில் எதையும் சொல்ல முடியாது. இப்போது ஆழத்தின்படி ஃபில்டர் போட்டு, ஆழ்துளைக் கிணறுகளை மட்டும் எடுத்து, அதில் மே மாத வரிசைகளை மாதிரி எடுத்த ஆண்டு வாரியாக அடுக்குங்கள். எல்லை வேறாக இருந்தால், கட்டுரையின் பின்னிணைப்பில் கிணறுவாரியான குளோரைடு எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரே எல்லையில் நீங்களே கோடு போடலாம். இப்படி வடிகட்டிய பிறகு முப்பது வரிசையில் நான்கு மட்டும் மிஞ்சினால், முன்னேற்றம் பற்றி அந்த நான்கை வைத்துத்தான் எழுத வேண்டும். ஒரு மாதத்துக்கும் ஆழத்துக்கும் எதிரே எதுவுமே மிஞ்சாவிட்டால், நீங்கள் போய் மாதிரி எடுக்க வேண்டிய இடம் அதுதான்.

10. புதுக் கட்டம் சேர்த்தால் பழைய கட்டுரைகளை மறுபடி திறந்து நிரப்ப வேண்டும். அதனால் முதல் ஐந்து கட்டுரைகளை மட்டும் போட்டுப் பார்த்து, கட்டங்களை உறுதிசெய்த பிறகு மீதியைத் தொடங்குங்கள்.