வெங்காயமும் கண்ணீரும்: ஓர் இரசாயனப் பார்வை

எங்கள் உம்மா வீட்டிலிருந்தே புரியாணி சமைத்துக் கொடுப்பவர். ஓர் ஓடர் வந்தால் முதல் நாள் இரவே பெரிய வெங்காயம் 5 கிலோவை வெட்டிப் பொரித்து வைக்க வேண்டும். அந்த வேலை எனக்கும் ராத்தாவுக்கும். முதல் கிலோ முடிவதற்குள் இருவருக்கும் கண் சிவந்துவிடும். கண் மங்கிய நிலையில் கத்தி பிடித்து, போன வருடம் ராத்தா விரல் நுனியை வெட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இதன் காரணத்தை ஒழுங்காகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

வெட்டாத வெங்காயத்தை எவ்வளவு நேரம் முகர்ந்தாலும் கண் எரிவதில்லை. இதுவே முதல் தடயம். கண்ணை எரிக்கும் பொருள் வெங்காயத்தில் முன்கூட்டியே இருப்பதில்லை, வெட்டும்போதுதான் அது உண்டாகிறது.

வெங்காயக் கலத்தின் குழியவுருவில் கந்தகத்தைக் கொண்ட ஓர் அமினோ அமில வகைச் சேர்வை இருக்கிறது. அதன் பெயர் ஐசோஅலின். அதே கலத்தின் புன்வெற்றிடத்துக்குள் அலினேசு என்னும் நொதியம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய மென்சவ்வு மட்டுமே. கத்தி கலத்தைப் பிளந்ததும் அந்தச் சுவர் போய்விடும், இரண்டும் கலக்கும். அலினேசு உடனே ஐசோஅலினை உடைத்து, புரோப்பீன் சல்பெனிக்கமிலம் என்ற நிலையற்ற அமிலத்தை உண்டாக்கும். கூடவே பைரூவிக்கமிலமும் அமோனியாவும் வரும்.

இந்த அமிலம் தானாகவே மாறிக் கண்ணீர்ப் பொருளாகிறது என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். அப்படியானால் உள்ளியிலும் அலினேசு இருக்கிறதே, உள்ளி நறுக்கும்போது நாம் ஏன் அழுவதில்லை? 2002 இல் ஜப்பானிய ஆய்வாளர் இமாயும் அவரது குழுவினரும் வெங்காயத்தில் இரண்டாவது நொதியம் ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். கண்ணீர்க்காரணி சிந்தேசு என்று அதைச் சொல்லலாம். சல்பெனிக்கமிலத்தைப் பிடித்து, அணுக்களின் ஒழுங்கை மாற்றி, புரோப்பேன்தயல் எஸ்-ஒட்சைட்டு ஆக்குவது இதுதான். உள்ளியில் இந்த நொதியம் இல்லை. அங்கே உண்டாகும் வேறொரு சல்பெனிக்கமிலம் இரண்டிரண்டாக இணைந்து, உள்ளிக்கு மணம் தரும் அலிசினாகிவிடும். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கும் இக் நோபல் பரிசு 2013 இல் இந்தக் குழுவுக்குக் கிடைத்தது. சமையலறையில் தினமும் நடக்கும் ஒன்றுக்கு 2002 வரை சரியான விடை இல்லாதிருந்தது எனக்கு ஆச்சரியம்தான்.

புரோப்பேன்தயல் எஸ்-ஒட்சைட்டின் மூலக்கூற்றுச் சூத்திரம் C₃H₆OS. சிறிய மூலக்கூறு, எளிதில் ஆவியாகும். வெட்டுப்பலகையிலிருந்து எழுந்து வந்து கண்ணின் ஈரப்படலத்தில் கரையும். விழிவெண்படலத்தில் உணர்ச்சி நரம்பு முனைகள் நெருக்கமாக உள்ளன. அவை தூண்டப்பட்டதும் மூளைக்குச் செய்தி போய், அங்கிருந்து கண்ணீர்ச் சுரப்பிக்குக் கட்டளை வருகிறது. அதாவது நம் கண்ணீர் அந்தப் பொருளைக் கழுவி அகற்ற உடல் ஊற்றும் தண்ணீர். கண்ணில் சல்பூரிக்கமிலம் உண்டாவதால்தான் எரிகிறது என்று பலர் சொல்வார்கள். அந்தப் பொருள் நீருடன் தாக்கமடைந்து உடையும் என்பது சரி. ஆனால் எரிவுக்கு அமிலம் உண்டாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நரம்பு முனையைத் தூண்ட இந்த மூலக்கூறே போதும்.

காரணம் தெரிந்தால் தடுக்கும் வழிகளும் புரியும். நொதியம் மெதுவாக வேலை செய்ய வேண்டும், அல்லது உண்டான ஆவி கண்ணை வந்தடையாமல் இருக்க வேண்டும்.

குளிரூட்டுதல் இரண்டையும் ஓரளவு செய்கிறது. பொதுவாகப் பல நொதியத் தாக்கங்களின் வேகம் வெப்பநிலை 10°C குறையும்போது ஏறக்குறைய அரைவாசியாகும். எங்கள் சமையலறை 30°C, பிரிட்ஜின் உட்புறம் 5°C என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 25°C. இரண்டரைத் தடவை அரைவாசியாக்கினால், வேகம் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். இது தோராயமான கணக்கு. இதற்கு மேலாக, உண்டான பொருளும் குளிரில் குறைவாகவே ஆவியாகும்.

ஆனால் பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்து எடுத்தால் தோல் மட்டும்தான் குளிரும். வெங்காயத்தின் நடுப்பகுதி குளிர நேரம் வேண்டும். நான் முதல் முறை ஏமாந்தது இதில்தான். அடுத்த தவறு 5 கிலோவையும் ஒன்றாக வெளியே எடுத்து வைத்தது. கடைசி வெங்காயத்துக்கு வரும்போது அது அறை வெப்பநிலைக்கே வந்திருந்தது. இப்போது நான்கு நான்காக எடுக்கிறோம். உறைபெட்டியில் வைப்பது இன்னும் மோசம். கலத்துக்குள் உறையும் பனிப்பளிங்குகள் மென்சவ்வுகளைக் கிழித்துவிடும். பனி உருகும்போது நொதியமும் ஐசோஅலினும் நாம் வெட்டாமலேயே கலந்துவிடும், வெங்காயமும் தொளதொளத்துப்போகும்.

தண்ணீருக்குள் வெட்டும்போது நொதியம் வழமைபோலவே வேலை செய்யும். வெளிவரும் பொருள்தான் நீரில் அகப்பட்டுக்கொள்கிறது. ஒரு பகுதி கரையும், ஒரு பகுதி நீருடன் தாக்கமடைந்து வேறு பொருளாகும். நீரில் மூலக்கூறுகள் பரவும் வேகம் வளியில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒன்று அளவுதான். ஆகவே மேற்பரப்புக்கு வந்து தப்பிப்பது மிகக் கொஞ்சம்.

ஒரு சனிக்கிழமை இதைப் பரீட்சித்துப் பார்த்தேன். ஒரே சாக்கிலிருந்து ஒரே அளவான வெங்காயங்கள், ஒரே கத்தி, மின்விசிறி நிறுத்தம். தம்பியை எதிரே உட்காரவைத்து, கண் எரிந்ததும் கையை உயர்த்தச் சொன்னேன். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் அரை மணி நேரம் விட்டேன், இல்லாவிட்டால் முந்திய எரிவு அடுத்ததில் சேர்ந்துவிடும். மேசைமேல் இருந்த வெங்காயத்தில் பாதி வெட்டுமுன்பே கை உயர்ந்தது. இரவு முழுதும் பிரிட்ஜில் இருந்ததை முழுதாக வெட்டி முடித்த பின்தான், “இப்ப கொஞ்சம் எரியுது ராத்தா” என்றான். பேசனில் தண்ணீருக்குள் வெட்டியதற்குக் கை உயரவே இல்லை. சிறுவன் ஒருவனின் கண்ணை வைத்துச் செய்தது என்பதால் இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன்.

அப்படியானால் தண்ணீர்தானே வெற்றி? உம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வெங்காயத்தை எண்ணெயில் போட்டதும் படபடவென்று தெறித்தது. ஒட்டியிருந்த நீர் ஆவியாகி முடியும்வரை அது பொன்னிறமாக மாறவே இல்லை, மாறியபோதும் மொறுமொறுப்பு வரவில்லை. ருசியும் கொஞ்சம் தண்ணீரோடு போயிருந்தது. வெங்காயம் மிதந்து வழுக்குவதால் கைக்கும் ஆபத்து. சம்பலுக்கு ஓரிரண்டு வெங்காயம் என்றால் இந்த முறை நல்லது. கழுவினால் காரம் குறைவதும் சம்பலுக்கு நல்லதே. பொரிப்பதற்கு அல்ல.

இன்னொன்று கத்தி. மழுங்கிய கத்தி கலங்களை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய இடத்திலிருந்து சாறு நுண்ணிய துளிகளாகத் தெறித்து மேலெழும். குளிர் இந்தத் துளிகளைத் தடுக்காது. பிரிட்ஜில் வைத்தும் கண் எரிகிறது என்று யாராவது சொன்னால், முதலில் அவர்களுடைய கத்தியைத் தக்காளியில் வைத்துப் பாருங்கள். அழுத்தாமல் தோலில் இறங்கவில்லையென்றால் தீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இப்போது ஓடருக்கு முதல் நாள் காலையிலேயே வெங்காயம் பிரிட்ஜுக்குள் போகிறது. உம்மாவின் ஒரே முறைப்பாடு, மீன் வைக்க இடமில்லை என்பதுதான்.