முட்கம்பிக்கு விலை கேட்பது எப்படி?



வன்னியில் வேறொருவரின் காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டஞ் செய்யும் ஒரு குழுவின் செயலாளர், நகரத்து இரும்புக் கடைகள் மூன்றுக்குத் தொலைபேசியில் அனுப்பிய செய்தி இது:

"அண்ணை, முட்கம்பி இப்ப என்ன விலை போகுது? ஒரு ஏழெட்டு றோல் வேணும். கெதியாச் சொல்லுங்கோ."

மூன்று கடையிலிருந்தும் மறுமொழி வந்தது. முதற் கடை ஒரு றோல் 12,000 ரூபா என்றது. இரண்டாவது 15,000 என்றது. மூன்றாவது கடைக்காரர், "வாங்கோ, பேசிக் கொள்ளலாம்" என்று எழுதியிருந்தார். (இத்தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே, சந்தை விலையாகக் கொள்ள வேண்டாம்.) குழுவினர் விலை குறைந்த கடையில் வாங்கினார்கள். வேலியின் நான்காம் பக்கத்துக்குக் கம்பி போதவில்லை. போதாததை வாங்க மீண்டும் காசு சேர்த்து முடிப்பதற்குள், திறந்து கிடந்த பக்கத்தால் கட்டாக்காலி மாடுகள் புகுந்து மிளகாய்க் கன்றுகளைத் தின்றுவிட்டன.

இதில் கடைக்காரரைக் குறை சொல்ல இடமில்லை. அவர் கேட்டதற்கு விலை சொன்னார். கேள்விதான் அரைகுறையாக இருந்தது.

"ஒரு றோல்" என்பது அளவே அல்ல. முட்கம்பியைக் கடைக்காரர் நிறையால் வாங்கி நிறையால் விற்கிறார். நமக்கு வேண்டியதோ நீளம். ஒரே நிறையுள்ள இரண்டு சுருள்களில், மெல்லிய கம்பிச் சுருள் தடித்ததைவிட நெடுந்தூரம் ஓடும். கம்பியின் தடிப்பைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 12 கேஜ் ஏறக்குறைய 2.6 மில்லிமீற்றர், 14 கேஜ் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர், 16 கேஜ் ஏறக்குறைய 1.6 மில்லிமீற்றர். 12 கேஜ் சுருளுக்கும் 14 கேஜ் சுருளுக்கும் நிறை ஒன்றாயின், பின்னையது ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே நீண்டிருக்கும்.

அந்தக் குழுவின் கணக்கையே திருப்பிப் பார்ப்போம். முதற் கடையின் சுருளில் இருந்தது 200 மீற்றர். அதாவது மீற்றருக்கு 60 ரூபா. இரண்டாவது கடையின் சுருளில் அதே தடிப்புக் கம்பி 300 மீற்றர் இருந்தது. மீற்றருக்கு 50 ரூபாதான். மலிவென்று எண்ணி வாங்கியதே விலை கூடியது. இரண்டையும் ஒப்பிட அவர்களிடம் நீளம் இருக்கவில்லை.

ஆகவே கடைக்கு எழுதுமுன் காணியை அளக்க வேண்டும். அவர்களுடைய காணி 100 மீற்றர் நீளம், 80 மீற்றர் அகலம். ஏறத்தாழ இரண்டு ஏக்கர். சுற்றளவு 360 மீற்றர். படலைக்கு 4 மீற்றரைக் கழித்தால் 356. மாட்டை மறிக்க நாலு வரி கட்டுவதானால் 1,424 மீற்றர். முடிச்சுக்கும் மூலைக்கும் இருபதில் ஒரு பங்கு கூட்டினால் ஏறக்குறைய 1,500 மீற்றர். இந்த எண்ணைத்தான் கேட்க வேண்டும். எத்தனை சுருள் என்பதைக் கடைக்காரர் கணக்கிடட்டும்.

அடுத்தது நாள். "கெதியா" என்பது கடைக்காரருக்கு நாளையாகவும் இருக்கலாம், அடுத்த மாதமாகவும் இருக்கலாம். நாளைப் பின்னிருந்து எண்ணுங்கள். காலபோகத்துக்கு ஒக்டோபர் மழையோடு விதைப்பதானால், அதற்கு முன் வேலி முடிய வேண்டும். கட்டை நட்டுக் கம்பி இழுக்க இரண்டு கிழமை வைத்தால், செப்டெம்பர் 20 அளவில் கம்பி காணியில் இறங்க வேண்டும். கடைக்காரர் எடுப்பித்துத் தரப் பத்து நாள் விட்டால், கட்டளை 10ஆம் திகதி போக வேண்டும். கூடிப் பேசித் தெரிவுசெய்ய ஐந்து நாள் வேண்டும். எனவே விலைமனு 5ஆம் திகதிக்குள் கைக்கு வர வேண்டும். இப்படி எண்ணினால் ஓகஸ்ட் கடைசிக் கிழமைக்கு முன்பே கடிதம் போய்விட வேண்டும் என்பது தெரியும். இதில் இரண்டு கடைசி நாள்கள் இருப்பதைக் கவனியுங்கள்: விலை சொல்ல ஒன்று, பொருள் தர ஒன்று. பலரும் ஒன்றை எழுதி மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

இனி அதே செய்தியைத் திருத்தி எழுதுவோம்.

"ஐயா,

எமது குழுவின் தோட்டத்துக்கு வேலி அடைக்கப் பின்வரும் பொருளுக்கு உங்கள் விலையை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பொருள்: நாகம் பூசிய முட்கம்பி. இரண்டு இழை முறுக்கியது. இழையின் தடிப்பு 14 கேஜ் (2 மில்லிமீற்றர்). முள்ளுக்கு முள் 4 அங்குலம்.

அளவு: மொத்தம் 1,500 மீற்றர். ஒரு சுருளின் நீளத்தையும் நிறையையும் குறிப்பிடவும்.

விலை: மீற்றருக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எழுதவும். வரியையும், எமது காணி வரைக்குமான லொறிக் கூலியையும் தனித்தனியே காட்டவும்.

பொருள் தர வேண்டிய நாள்: செப்டெம்பர் 20 அல்லது அதற்கு முன்.

விலைமனு வந்து சேர வேண்டிய கடைசி நாள்: செப்டெம்பர் 5, பிற்பகல் 4 மணி. சொல்லும் விலை செப்டெம்பர் 30 வரை மாறாதிருக்க வேண்டும்.

கொடுப்பனவு: பொருளை அளந்து ஏற்றபின் காசோலையாகத் தரப்படும்.

மேற்சொன்ன தடிப்பு உங்களிடம் இல்லையாயின், இருப்பது எது என்பதைத் தெளிவாக எழுதவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், 14 கேஜ் கையிருப்பில் இல்லாத கடைக்காரர் 16 கேஜுக்கு விலை எழுதித் தடிப்பைச் சொல்லாமல் விடக்கூடும். மலிவாய்த் தெரியும் அந்தக் கம்பி இழுக்கும்போதே அறக்கூடும்.

மூன்று கடைக்கும் ஒரே கடிதம், சொல் மாறாமல், ஒரே நாளில் போக வேண்டும். ஒரு கடையின் விலையை மற்றக் கடையில் சொல்லிப் பேரம் பேசுவது சிலருக்குக் கெட்டித்தனமாகத் தோன்றும். அடுத்த முறை எவரும் உண்மையான விலையை முதலில் எழுத மாட்டார்கள். கடிதத்தைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பலாம். மறுமொழி மட்டும் கடையின் கடிதத் தலைப்பில், முத்திரையும் கையொப்பமும் இட்டு வரட்டும். சங்கத்துப் பணம் என்றால் கணக்குப் பார்ப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள். கொங்கிறீற் தூணானால் கட்டுக்கம்பி வேண்டும், மரக்கட்டையானால் ஆணி வேண்டும். அவற்றையும் இதே கடிதத்தில் தனி வரியாகச் சேர்த்துவிட்டால் இரண்டாவது லொறிக் கூலி மிஞ்சும்.

பொருள் வந்து இறங்கும் நாளில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். தடிப்பைப் பார்க்கக் கருவி வேண்டியதில்லை. ஒரு முழக் கம்பியை வெட்டி முறுக்கை அவிழ்த்து, ஓர் அங்குலத் துண்டுகள் பத்தை அடிமட்டத்தின் மேல் நெருக்கமாக அடுக்குங்கள். பத்தும் சேர்ந்து 20 மில்லிமீற்றர் வந்தால் 14 கேஜ். 16 மட்டுமே வந்தால் கேட்டது வரவில்லை. நீளத்துக்கு, சுருளை முழுதாய் அவிழ்க்கத் தேவையில்லை. பத்து மீற்றர் அளந்து வெட்டி நிறுங்கள். பிறகு முழுச் சுருளின் நிறையை, இந்தப் பத்து மீற்றரையும் சேர்த்து எடுங்கள். பத்து மீற்றர் ஒரு கிலோவாகவும் சுருள் 25 கிலோவாகவும் இருந்தால் நீளம் 250 மீற்றர். கடைக்காரர் 300 என்று எழுதியிருந்தால், லொறி திரும்புமுன் பற்றுச்சீட்டில் குறைவை எழுதி, சாரதியிடமும் ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.