முப்பது பங்குகளும் ஒரு சந்தையும்



“முப்பது பங்குகளில் பிரித்துப் போட்டிருக்கிறோம், பயமில்லை” என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் முன், ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள். 30 பங்குகளையும் மேலே ஒரு வரிசையாகவும் இடப்பக்கம் ஒரு வரிசையாகவும் எழுதினால் 900 கட்டங்கள் வரும். மூலைவிட்டத்தின் 30 கட்டங்களில் ஒவ்வொரு பங்கின் விலக்க வர்க்கச் சராசரி இருக்கும். மீதி 870 கட்டங்களில் இருப்பது இரண்டிரண்டு பங்குகளின் உடன்மாறுபாடு. எல்லாவற்றிலும் சம அளவு பணம் போட்டால், மொத்த போர்ட்ஃபோலியோவின் விலக்க வர்க்கச் சராசரி இந்த 900 எண்களின் சராசரிதான். மூலைவிட்டச் சராசரியை V என்றும், மற்றவற்றின் சராசரியை C என்றும் வைத்துக்கொண்டால்:

σ² = V/n + (1 − 1/n)·C

பங்குகள் கூடக் கூட முதல் உறுப்பு கரைந்துவிடும். C மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு பங்கின் ஆண்டுத் திட்ட விலக்கமும் 30%, எந்த இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.3 என்று கொள்வோம். அப்போது V 0.09, C 0.027. பத்துப் பங்குகளிலேயே திட்ட விலக்கம் சுமார் 18.2 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. முப்பதில் 17.1, நூறில் 16.6. எத்தனை ஆயிரம் பங்குகள் சேர்த்தாலும் 16.4-க்குக் கீழே போகாது. ஒரு நிறுவனத்தின் ஆலை விபத்தை இன்னொன்றின் நல்ல ஆண்டு ஈடுகட்டும்; ஆனால் வட்டி விகிதமும் பொருளாதார மந்தமும் பெரும்பாலான நிறுவனங்களை ஒரே திசையில் தள்ளுகின்றன. அந்தப் பொதுத் தள்ளல்தான் C.

எதிர்த் திசையில் நகரும் பங்குகளாகப் பொறுக்கினால் என்ன என்று கேட்கலாம். இரண்டு பங்குகள் அப்படி இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் எதிராக மூன்றாவது ஒன்று முழுதாகப் போக முடியாது. விலக்க வர்க்கச் சராசரி எதிர்மறையாகாது என்பதால், மேலே கண்டதுபோல் எல்லாப் பங்கும் ஒரே அளவு ஏறி இறங்குபவையானால், சராசரி ஒட்டுறவு −1/(n−1)-க்குக் கீழே இறங்க முடியாது. முப்பது பங்குகளுக்கு அது −1/29, கிட்டத்தட்ட பூஜ்யம். ஃபியூச்சர்ஸ் விற்றுச் சந்தை அபாயத்தைத் தள்ளிவிடலாமே என்றால், தள்ளலாம்தான். ஆனால் அது பரவலாக்கம் அல்ல, அபாயத்தை வேறொருவரிடம் கைமாற்றுவது. அதைச் சுமப்பதற்காகக் கிடைக்கும் கூடுதல் வருமானமும் கூடவே போய்விடும்.

இன்னொன்று, C நிலையான எண் அல்ல. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13% சரிந்தது. அத்தகைய நாட்களில் ஒட்டுறவு உயரும். நம் கணக்கில் அது 0.6 ஆனால், பங்குகள் தனித்தனியாக முன்போலவே ஆடினாலும், 16.4 என்ற தரை 23.2-க்கு ஏறிவிடும். எனவே அமைதியான ஆண்டுகளின் தரவை மட்டும் வைத்து C-ஐ மதிப்பிடாதீர்கள். வாடிக்கையாளருக்கு அந்தத் தரையே அதிகம் என்றால், நாற்பதாவது பங்கைத் தேடாதீர்கள். பங்குகளில் போடும் பணத்தைக் குறையுங்கள். 60 சதவீதத்தைப் பங்குகளிலும் மீதியைக் குறுகிய கால அரசுக் கடன் பத்திரங்களிலும் வைத்தால், 16.4 என்பது ஏறத்தாழ 9.8 ஆகிவிடும்.