நிதிக் கொள்கையும் பணவியல் கொள்கையும்

நுழையும்முன்

நிதி, பணம் என்னும் இரு சொற்களும் பேச்சு வழக்கில் ஏறத்தாழ ஒரே பொருளைத் தருகின்றன. அதனால் நிதிக் கொள்கை, பணவியல் கொள்கை ஆகிய இரண்டையும் ஒன்றென எண்ணி மயங்குவோர் உளர். குடிமைப்பணித் தேர்வு எழுத விரும்புவோர் முதலில் நீக்கிக்கொள்ள வேண்டிய மயக்கம் இது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட இரண்டு முடிவுகளைக் கொண்டு இவ்வேறுபாட்டை அறிவோம்.

ஒரு சிக்கல், இரு முடிவுகள்

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெயின் விலை பீப்பாய்க்கு 100 டாலரைக் கடந்தது. தன் கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவில், எரிபொருளின் விலையும் அதைச் சார்ந்த போக்குவரத்துச் செலவும் உயர்ந்தன. சமையல் எண்ணெய், கோதுமை ஆகியவற்றின் விலையும் ஏறியது. அவ்வாண்டு ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 விழுக்காட்டை எட்டியது. முந்தைய ஆண்டு ஏப்ரலில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள்களை வாங்க, ஏறத்தாழ 108 ரூபாய் தேவைப்பட்டது என்பது இதன் பொருள்.

மே 4ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி, ரெப்போ விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 4.40 விழுக்காடாக உயர்த்தியது. மே 21ஆம் நாள் மத்திய அரசு, பெட்ரோல் மீதான கலால் வரியில் லிட்டருக்கு 8 ரூபாயும் டீசல் மீதான வரியில் 6 ரூபாயும் குறைப்பதாக அறிவித்தது. இரு முடிவுகளின் நோக்கமும் விலையேற்றத்தைத் தணிப்பதே. எனினும் முன்னது பணவியல் கொள்கை. பின்னது நிதிக் கொள்கை.

நிதிக் கொள்கை

அரசு எவரிடமிருந்து எவ்வளவு வரி பெறுவது, எதற்கு எவ்வளவு செலவிடுவது, பற்றாக்குறைக்கு எவ்வளவு கடன் வாங்குவது என முடிவு செய்வதே நிதிக் கொள்கையாகும். இதன் முதன்மையான ஆவணம், அரசமைப்புச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் ஆண்டு நிதிநிலை அறிக்கை. சட்டத்தின் ஆணையின்றி எவ்வரியும் விதிக்கப்படலாகாது என்கிறது 265ஆம் பிரிவு. ஆகவே நிதிக் கொள்கைக்கு அரசு, மக்கள் பிரதிநிதிகளிடம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளது.

கலால் வரிக் குறைப்பின் விளைவு உடனடியாகத் தெரிந்தது. மாதம் 300 லிட்டர் டீசல் நிரப்பும் ஒரு சரக்கு வண்டியின் உரிமையாளருக்கு, அவ்வரிக் குறைப்பால் மட்டும் மாதம் 1,800 ரூபாய் மிஞ்சும். ஆனால் அத்தொகை அரசுக்கு வரவேண்டிய வருவாய். இக்குறைப்பால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என அரசே அறிவித்தது. அவ்விழப்பை ஈடுசெய்யச் செலவைக் குறைக்க வேண்டும். வேறு வரியை உயர்த்த வேண்டும். அல்லது கடன் வாங்க வேண்டும்.

பணவியல் கொள்கை

நாட்டில் புழங்கும் பணத்தின் அளவையும் கடனுக்கான வட்டியையும் மைய வங்கி நெறிப்படுத்துவதே பணவியல் கொள்கையாகும். ஆறு உறுப்பினர்களைக் கொண்ட பணவியல் கொள்கைக் குழு, நம் நாட்டில் ரெப்போ விகிதத்தை முடிவு செய்கிறது. அவர்களுள் மூவர் ரிசர்வ் வங்கியைச் சார்ந்தவர்கள். மூவர் மத்திய அரசால் அமர்த்தப்பட்டவர்கள். பணவீக்கத்தை 4 விழுக்காட்டில் வைப்பதே இக்குழுவுக்குத் தரப்பட்ட இலக்கு. அதற்கு மேலும் கீழும் 2 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை விலகல் ஏற்கப்படும்.

அரசுக் கடன் பத்திரங்களை ஈடாகப் பெற்று, வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அளிக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியே ரெப்போ விகிதம். இது உயர்ந்தால் வங்கிகள் தம் வாடிக்கையாளரிடம் பெறும் வட்டியும் உயரும். 2023ஆம் ஆண்டு பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் படிப்படியாக 6.50 விழுக்காட்டை அடைந்தது. இருபது ஆண்டுகளில் செலுத்தும் 20 இலட்சம் ரூபாய் வீட்டுக் கடனை எடுத்துக்கொள்வோம். வட்டி 7 விழுக்காடாயின் மாதத் தவணை ஏறத்தாழ 15,500 ரூபாய். இதே உயர்வு முழுவதும் சேர்ந்து வட்டி 9.5 விழுக்காடானால், தவணை ஏறத்தாழ 18,600 ரூபாய். மிகுதியாகும் 3,100 ரூபாய் அக்குடும்பத்தின் பிற செலவுகளிலிருந்தே வரவேண்டும். இவ்வாறு பலரும் செலவைச் சுருக்கும்போது பொருள்களுக்கான தேவை குறைகிறது, விலையேற்றமும் தணிகிறது. ஆனால் இவ்விளைவு முழுமையாக வெளிப்படப் பல மாதங்கள் ஆகும்.

இரண்டும் எதிரெதிராக இயங்குமா?

வட்டி உயர்வு மக்களின் கையிலுள்ள பணத்தைக் குறைக்கிறது. வரிக் குறைப்போ அதனை மிகுவிக்கிறது. எரிபொருளில் மிஞ்சிய பணத்தை மக்கள் வேறு பொருள்களில் செலவிட்டால் அவற்றின் தேவை கூடும். அவ்வளவில் இரு கொள்கைகளும் எதிர்த் திசையில் இயங்கின எனலாம். மறுபுறம், வட்டி உயர்வால் ஒரு பீப்பாய் எண்ணெயோ ஒரு மூட்டை கோதுமையோ கூடுதலாக விளைந்துவிடாது. வழங்கல் குறைவால் எழும் விலையேற்றத்தை வட்டியால் மட்டும் தீர்க்க இயலாது. வரிக் குறைப்பு அங்கே நேரடியாக உதவியது. எனவே ஒன்றின் குறையை மற்றது ஓரளவு நிரப்பிற்று எனவும் கொள்ளலாம். சுமை எவர்மீது விழுந்தது என்பதே முதன்மையான வேறுபாடு: ஒன்றில் கடன் பெற்றோர் மீதும், மற்றொன்றில் அரசின் கருவூலத்தின் மீதும் விழுந்தது.

மயக்கம் தரும் இடம்

அரசுக் கடன் பத்திரம் இரு கொள்கைகளிலும் இடம்பெறுகிறது. பற்றாக்குறையை நிரப்ப அரசு புதிய பத்திரங்களை வெளியிட்டுக் கடன் பெறுவது நிதிக் கொள்கை. அவ்வேலத்தை அரசின் சார்பில் ரிசர்வ் வங்கி நடத்தினாலும், கடனின் அளவை முடிவு செய்வது அரசே. தன்னிடமுள்ள பத்திரங்களை ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு விற்று, அவற்றிடமுள்ள பணத்தை உறிஞ்சிக்கொள்வது வெளிச்சந்தை நடவடிக்கை. அது பணவியல் கொள்கை. ஆகவே எந்த நிறுவனம் செயலாற்றுகிறது என்பதை மட்டும் காணாது, முடிவு எவருடையது, பணம் எங்குச் சேர்கிறது என்னும் இரண்டையும் காண வேண்டும். முன்னதில் பணம் அரசின் செலவுக்குச் செல்கிறது. பின்னதில் அது புழக்கத்திலிருந்து விலகுகிறது.

தெரிந்து தெளிவோம்

சராசரிப் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 விழுக்காட்டுக்கு மேல் நிலவினால், காரணத்தையும் தீர்வையும் விளக்கி மத்திய அரசுக்கு ரிசர்வ் வங்கி அறிக்கை அளிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் முதல் மூன்று காலாண்டுகளில் அந்நிலை ஏற்பட்டது. அதற்காகப் பணவியல் கொள்கைக் குழு அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் தனியே கூடியது.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. பின்வருவனவற்றுள் பணவியல் கொள்கை சார்ந்தது எது?
அ) டீசல் மீதான கலால் வரியைக் குறைத்தல்
ஆ) பற்றாக்குறைக்காக அரசு புதிய பத்திரங்களை வெளியிடல்
இ) ரிசர்வ் வங்கி தன் பத்திரங்களை வங்கிகளுக்கு விற்றல்
ஈ) உர மானியத்தை உயர்த்துதல்

குறுவினா
2. ரெப்போ விகிதம் என்றால் என்ன?

சிறுவினா
3. வழங்கல் குறைவால் எழும் விலையேற்றத்தை வட்டி உயர்வு மட்டும் தீர்க்காது. ஏன்?

நெடுவினா
4. 2022 மே மாதத்தில் எடுக்கப்பட்ட இரு முடிவுகளின் பயனையும் சுமையையும் ஒப்பிட்டு எழுதுக.