குளோரின் போட்ட தண்ணீரிலும் பிழைக்கும் கிருமி: கிரிப்டோஸ்போரிடியம் வயிற்றோட்டம்

மீள்குடியேறிய பல வளவுகளில் முதலில் நடக்கும் வேலை கிணற்றைத் துப்புரவாக்குவதுதான். சேற்றை அள்ளி, நீரை இறைத்து, குளோரின் போட்டுத் தருவார்கள். பவுசரில் வரும் நீரிலும் குளோரின் இருக்கும். இவ்வளவும் செய்த பிறகும் சில வீடுகளில் சின்னப் பிள்ளைக்கு நீர்போல வயிற்றோட்டம் வந்து, ஒரு கிழமை தாண்டியும் நிற்காமல் இருப்பதுண்டு. "குளோரின் மணக்கிற தண்ணீரைத்தானே கொடுத்தோம்" என்று தாய்மார் கேட்பது நியாயமான கேள்வி. இப்படி வருவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் குளோரினுக்குச் சாகாத ஒரு கிருமியைப் பற்றி இங்கே பார்ப்போம். அதன் பெயர் கிரிப்டோஸ்போரிடியம்.

குளோரின் ஏன் தோற்கிறது?

இந்தக் கிருமி மனிதரின் குடலிலும், மாடு, ஆடு போன்றவற்றின் குடலிலும் பெருகும். வயிற்றோட்டம் பிடித்த இளங்கன்றின் சாணத்தில் இது மிக அதிகமாக இருக்கலாம். மலத்தோடு வெளியே வரும்போது கிருமி தனியே வருவதில்லை. தடித்த சுவர் கொண்ட ஒரு கூட்டுக்குள் பத்திரமாக இருந்தபடி வரும். சுமார் 200 கூடுகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீற்றர் நீளம் வரும். ஈரமான, குளிர்ந்த இடத்தில் அவை பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பத்துக் கூடுகள் வரை வயிற்றுக்குள் போனாலே ஒருவருக்கு நோய் வரலாம்.

குளோரின் பக்டீரியாவின் மெல்லிய உறையைத் தாக்கி அதை விரைவாகக் கொல்லும். இந்தக் கூட்டின் சுவரை ஊடுருவ அதற்கு மிக நீண்ட நேரம் தேவை. ஒரு லீற்றர் நீரில் ஒரு மில்லிகிராம் குளோரின் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நீரின் வெப்பநிலை 25 பாகை. வயிற்றோட்டம் தரும் ஈ.கோலை பக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 15,300 நிமிடங்கள், அதாவது பத்து நாட்களுக்கு மேல் எடுக்கும். குடிநீரில் வழமையாக மீதியாக இருக்கும் குளோரின் 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மட்டுமே. வாளியில் குளோரின் குளிசை போட்டு அரை மணித்தியாலம் வைத்துக் குடிக்கும் நீரில் இந்தக் கூடுகளுக்கு ஒன்றும் ஆகாது.

கிணற்றைத் துப்புரவாக்கும்போது மிகக் கூடிய அளவு குளோரின் போடுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குளோரினில் பெரும்பகுதியைச் சேறும் அழுகிய இலைகுழைகளும் தின்றுவிடும். மிச்சம் இருப்பதும் சில நாட்களில் இறங்கிவிடும். அடுத்த மழையில் சாணம் கரைந்து கிணற்றுக்குள் வந்தால் கூடுகளும் திரும்ப வரும்.

மில்வாக்கி நகரில் நடந்தது

1993ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 இலட்சம் பேருக்கு இந்த வயிற்றோட்டம் வந்தது. நகரத்தின் நீர் ஏரியிலிருந்து எடுக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, குளோரின் இடப்பட்டே வீடுகளுக்குப் போனது. பக்டீரியாப் பரிசோதனையிலும் நீர் சுத்தம் என்றே தெரிந்தது. ஆனால் அந்த நாட்களில் ஒரு நீர் நிலையத்தின் வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை. அங்கிருந்து போன நீர் வழமையைவிடக் கலங்கலாக இருந்தது. வடிகட்டியைத் தாண்டிய கூடுகளைக் குளோரினால் தடுக்க முடியவில்லை. கடைசியில் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவித்து, அந்த நிலையத்தை மூடினார்கள்.

உடல் நலமாக இருந்தவர்கள் பெரும்பாலும் தாமாகவே குணமானார்கள். ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் 54 பேரின் இறப்புக்கு இந்த நோயும் காரணமாகப் பதியப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோர் எயிட்ஸ் நோயாளிகள். ஒரே நீரைக் குடித்தவர்களில் சிலருக்கு அது இரண்டு கிழமைத் தொல்லை, வேறு சிலருக்கு உயிராபத்து.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

கிருமி உள்ளே போய் இரண்டு முதல் பத்து நாட்களில் நீர்போன்ற வயிற்றோட்டம், வயிற்று முறுக்கு, குமட்டல், இலேசான காய்ச்சல் வரும். சாதாரணமாக ஒன்று, இரண்டு கிழமையில் மாறும். மாறியதுபோல இருந்து திரும்ப வருவதும் உண்டு. நோயை முடித்துவைப்பது உடலின் எதிர்ப்புச் சக்திதான். அந்தச் சக்தி குறைந்தவரின் குடலில் கிருமி தொடர்ந்து பெருகும். வயிற்றோட்டம் மாதக்கணக்கில் நீடித்து உடலை உருக்கிவிடும்.

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்கள், சிறுநீரகம் மாற்றிப் பொருத்தியபின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இந்த வகையினர். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், குறிப்பாக நிறை குறைந்த பிள்ளைகளுக்கும், ஆபத்து அதிகம். கொல்கத்தா உட்பட ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் ஏழு இடங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கடும் வயிற்றோட்டத்துக்கு ரோட்டா வைரசுக்கு அடுத்த காரணமாக இக்கிருமி இருந்தது.

வீட்டில் செய்யக்கூடியது

நீரைக் கொதிக்க வையுங்கள். நன்றாகக் குமிழி எழும்பித் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டால் கூடுகள் செத்துவிடும். அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டு, சுத்தமான கோப்பையால் மொண்டு குடியுங்கள். துணியால் வடிப்பது கலங்கலைக் குறைக்கும். கூடுகள் துணியின் கண்களால் எளிதாகப் போய்விடும்.

விறகு போதாவிட்டால், குறைந்தது குழந்தைக்கும் நோயாளிக்கும் குடிக்கவும், பால்மா கரைக்கவும், ஜீவனி கரைக்கவும் தேவையான நீரையாவது தனியாகக் கொதிக்கவையுங்கள். மற்ற நீருக்குக் குளோரினை நிறுத்தவேண்டாம். நெருப்புக்காய்ச்சல், வாந்திபேதி போன்றவற்றின் கிருமிகளை அது கொல்கிறது.

கன்றைக் கிணற்றடியில் கட்டாதீர்கள். மழைநீர் கிணற்றை நோக்கி ஓடாத பக்கமாகக் கட்டுங்கள். கிணற்றுக் கட்டில் வெடிப்பு இருந்தால் பூசிவிடுங்கள். மழைக்குப் பின் கிணற்று நீர் கலங்கினால், அது தெளியும்வரை கொதிக்காத நீரை யாரும் குடிக்கவேண்டாம். கன்றைத் தொட்டபின்பும், குழந்தையின் மலத்தைக் கழுவியபின்பும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். குழந்தையின் மலத்தை மலசலகூடத்தில் போடுங்கள். வயிற்றோட்டம் நின்ற பிறகும் சில கிழமைகளுக்கு மலத்தில் கூடுகள் வரலாம்.

எப்போது வைத்தியசாலைக்கு?

வயிற்றோட்டம் தொடங்கியதும் ஒரு பைக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். 24 மணித்தியாலத்தின் பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம்.

பிள்ளையின் கண் குழிவிழுந்தாலோ, சலம் போவது குறைந்தாலோ, குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ உடனே கொண்டுபோங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் முதல் நாளிலேயே போகவேண்டும். யாருக்காவது ஒரு கிழமைக்கு மேல் நீடித்தால், எத்தனை நாட்களாக இருக்கிறது, எந்தக் கிணற்று நீர், வளவில் கன்றுக்கும் வயிற்றோட்டமா என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். சாதாரண மலப் பரிசோதனையில் இக்கிருமி தப்பிவிடும். தனியான சாயமிட்டுப் பார்க்கவேண்டும். நீங்கள் சொல்லும் விபரம்தான் வைத்தியருக்கு அதை நினைவூட்டும். கடையில் வாங்கும் வழமையான அன்ரிபயோற்றிக் குளிசைகள் இதற்கு வேலை செய்யா. எச்.ஐ.வி. உள்ளவர்கள் தமது வழமையான மருந்தைத் தவறாமல் எடுத்து எதிர்ப்புச் சக்தியை மீட்பதே முக்கிய சிகிச்சை.

அயலில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் வயிற்றோட்டம் வந்தால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை அந்தக் கிணற்று நீரைக் குளோரின் போட்டிருந்தாலும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.