ஒரே ஜோன், இரண்டு மணல்

ஏற்காட்டில் சுவர் எழுப்புபவருக்கு மணல் பெரும்பாலும் கீழிருந்துதான் ஏறி வருகிறது. சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறையால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல்லும் இதே இனம் என்பதால், 1893-ல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. இந்தக் கருங்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் அதிகம். மழையில் ஊறி ஊறி அது களியாகிவிடும். குவார்ட்ஸ் மட்டும் பரல் பரலாக நிற்கும். அதனால்தான் காபித் தோட்டங்களில் கையில் ஒட்டும் செம்மண் இருக்கிறது, கலவைக்கு ஆகும் மணல் இல்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து லாரியில் வருவது ஒன்று கருங்கல்லை உடைத்த எம்-சாண்ட், இல்லையென்றால் ஆற்று மணல்.

இரண்டில் எது எந்த வேலைக்கு என்று கேட்டால், மேஸ்திரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். தூசி இருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும். மீதிக் கதையைச் சல்லடைச் சோதனையின் வளைகோடு சொல்லும். அந்த ஒற்றைத் தாளைச் சரியாகப் படிப்பது எப்படி என்பதைப் பார்ப்போம்.

முதல் படி மணலை எடுப்பது. தவறு தொடங்கும் இடமும் அதுதான். குவியலாகக் கொட்டிய மணலில் பெரிய பரல்கள் சரிந்து அடிவாரத்துக்குப் போய்விடும். காய்ந்த மணலாக இருந்தால், வளைவு வளைவாகக் குலுங்கி வரும்போதே பொடி லாரித் தட்டின் அடிக்கு இறங்கியிருக்கும். எனவே குவியலின் மேல், நடு, அடி என்று நாலைந்து இடத்தில், மேல்தோலை ஒதுக்கிவிட்டு அள்ள வேண்டும். அள்ளியதைக் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் கால் பாகங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அரை கிலோ அளவுக்கு வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்தது உலர்த்துவதும் கழுவுவதும். எம்-சாண்டில் கழுவாமல் விட்டால் முடிவு பொய்யாகும். கல்தூசி பரல்களின் மேல் பூசினாற்போல ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் எவ்வளவு ஆட்டினாலும் பெரிய பரலோடு மேல் சல்லடையிலேயே தங்கிவிடும். உலர்த்தி எடை போட்ட மாதிரியை 75 மைக்ரான் சல்லடையின் மேல், அடியில் வரும் தண்ணீர் தெளியும்வரை கழுவி, மறுபடி அடுப்பில் உலர்த்தி எடை போட வேண்டும். குறைந்த எடை அத்தனையும் தூசி.

பிறகு சல்லடைகளை அடுக்குவது. மேலே 4.75 மி.மீ., அதன் கீழே 2.36, 1.18, பிறகு 600, 300, 150, 75 மைக்ரான், அடியில் தட்டு. ஏறக்குறைய ஒவ்வொன்றும் மேலே உள்ளதில் பாதி. பத்து நிமிடம் ஆட்டிய பிறகு ஒவ்வொன்றிலும் தங்கியதை எடை போடுகிறார்கள். கண்ணியில் சிக்கிய பரலைப் பின்பக்கமிருந்து மென்மையான தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும்; குண்டூசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி, அன்று முதல் அந்தச் சல்லடையின் அளவு யாருக்கும் தெரியாது. எல்லா எடைகளையும், கழுவிப் போன தூசியையும் கூட்டினால் தொடக்க எடை வர வேண்டும். வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி சலிப்பதே நல்லது.

தங்கியதைச் சதவீதமாக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, 100-லிருந்து கழித்தால் ஒவ்வொரு சல்லடையிலும் ‘கடந்த’ சதவீதம் கிடைக்கும். கணக்கு புரிவதற்காக அமைத்த இரண்டு மாதிரிகள் இங்கே. எந்தக் குவாரிக்கும் சொந்தமானவை அல்ல. ஆனால் இப்படிப்பட்ட மணல்கள் வழக்கமாக வருபவைதான்.

| சல்லடை | எம்-சாண்ட், கடந்தது % | ஆற்று மணல், கடந்தது % |
|---|---|---|
| 4.75 மி.மீ. | 97 | 98 |
| 2.36 மி.மீ. | 80 | 95 |
| 1.18 மி.மீ. | 58 | 80 |
| 600 மைக்ரான் | 41 | 42 |
| 300 மைக்ரான் | 26 | 10 |
| 150 மைக்ரான் | 14 | 2 |
| 75 மைக்ரான் | 7 | 0.5 |

கான்கிரீட் மணலுக்கான ஐ.எஸ். 383 தரத்தில் நான்கு ஜோன்கள் உண்டு. ஜோனைப் பெரும்பாலும் முடிவு செய்வது 600 மைக்ரான் வரிசைதான். அங்கே 35 முதல் 59 வரை இருந்தால் ஜோன் டூ. மேலே 41, 42. மற்ற வரிசைகளிலும் இரண்டுமே ஜோன் டூ எல்லைக்குள் நிற்கின்றன. 150 மைக்ரானில் இயற்கை மணலுக்கு எல்லை 10 சதவீதம். உடைத்த கல் மணலுக்கு 20 வரை சலுகை உண்டு, அதனால் 14 தப்பித்துவிடுகிறது. கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் சார், ஜோன் டூ” என்றால் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அது தெரிவது வரைபடத்தில். நெட்டச்சில் கடந்த சதவீதம், கிடையச்சில் பரல் அளவு. கிடையச்சு மட்டும் மடக்கை அளவில் இருக்க வேண்டும், ஏனென்றால் 0.075-க்கும் 4.75-க்கும் இடையே 60 மடங்குக்கு மேல் தூரம். சாதாரண கிராஃப் தாளில் வரைந்தால் பொடி வகை எல்லாம் இடது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். இன்னொன்று: நம் பாடநூல்களில் பொடி இடப்பக்கம், பரல் வலப்பக்கம். அமெரிக்க வழக்கில் பல தாள்கள் தலைகீழாக இருக்கும். தாளைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் அந்த அளவுப் பரல்கள் குவிந்திருக்கின்றன. படுத்துக் கிடக்கும் இடத்தில் அந்த அளவில் ஒன்றுமே இல்லை. ஆற்று மணல் 300 மைக்ரானுக்கும் 1.18 மி.மீ.-க்கும் நடுவே 10-லிருந்து 80-க்குப் பாய்கிறது: ஓடும் தண்ணீர் தன்னால் ஏந்த முடிந்ததை எடுத்துப் போய், முடியாததைக் கீழே விட்டுத் தரம் பிரித்த மணல் அது. எம்-சாண்ட் கோடு மெதுவாக, நீளமாக ஏறுகிறது. உடைக்கும் யந்திரம் எல்லா அளவிலும் துண்டு போடும், தூசி உட்பட.

இந்தச் சரிவை எண்ணாக்கத்தான் மூன்று புள்ளிகள். கோட்டில் 10, 30, 60 சதவீதம் தொடும் இடங்களிலிருந்து கீழே இறங்கினால் கிடைக்கும் அளவுகள் D10, D30, D60. எம்-சாண்டுக்கு அவை 0.10, 0.36, 1.26 மி.மீ.; ஆற்று மணலுக்கு 0.30, 0.46, 0.83.

```
Cu = D60 / D10
Cc = (D30 × D30) / (D10 × D60)

எம்-சாண்ட்:   Cu = 1.26 / 0.10 = 12.6
              Cc = 0.1296 / 0.126 = 1.03
ஆற்று மணல்:  Cu = 0.83 / 0.30 = 2.8
              Cc = 0.2116 / 0.249 = 0.85
```

Cu என்பது சீர்மைக் கெழு. பரல்கள் ஒரே அளவாக இருக்க இருக்க இது 1-ஐ நோக்கி இறங்கும். எண் கூடினால் சீர்மை குறைகிறது, கலப்பு கூடுகிறது. Cc வளைவுக் கெழு. மண் வகைப்பாட்டுக்கான ஐ.எஸ். 1498 கணக்குப்படி, மணலில் Cu 6-க்கு மேலும் Cc 1-க்கும் 3-க்கும் நடுவிலும் இருந்து, 75 மைக்ரான் தூசி 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது நல்ல கிரேடிங் உள்ள மணல், குறியீடு SW. ஆற்று மணல் இரண்டிலும் தோற்று SP ஆகிறது. எம்-சாண்ட் இரண்டிலும் தேறினாலும் தூசி 7 சதவீதம். 5-க்கும் 12-க்கும் நடுவே என்பதால் இரட்டைக் குறியீடு, தூசியில் களித்தன்மை இல்லையென்றால் SW-SM.

வளைவுக் கெழு எதற்கு என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. எம்-சாண்டின் D10-ஐயும் D60-ஐயும் அப்படியே வைத்து D30-ஐ மட்டும் 0.15 மி.மீ.-க்கு நகர்த்திப் பார்க்கலாம். Cu அதே 12.6. Cc மட்டும் 0.18-க்கு விழுகிறது. கோட்டில் இதன் உருவம்: பொடியில் சட்டென்று ஏறி, நடுவில் படுத்து, பரலில் மறுபடி ஏறும். நடு அளவு காணாமல் போன இப்படிப்பட்ட மணலில், தண்ணீர் ஊடுருவும்போது பரல்களுக்கு நடுவே பொடியைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. அது அரித்துக்கொண்டு போய்விடும். கிரஷர் தூசியையும் பெரும்பரல் மணலையும் கலந்து ‘தரம்’ ஏற்றினால் இந்த மாதிரி வரும். Cu-வை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

இதைவிடச் சாதாரணமான ஏமாற்றம் ஒன்றும் உண்டு. எம்-சாண்டில் தூசி கூடக்கூட D10 சிறுத்து, Cu ஏறிக்கொண்டே போகும். தூசி 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் D10 கடைசிச் சல்லடைக்கும் கீழே போய்விடுகிறது. அப்போது ஹைட்ரோமீட்டர் சோதனை செய்யாமல் D10 கிடைக்காது. அறிக்கையில் 75 மைக்ரானைக் கடந்தது 12 சதவீதம் என்றும், பக்கத்திலேயே Cu 25 என்றும் இருந்து, ஹைட்ரோமீட்டர் பற்றிப் பேச்சே இல்லையென்றால், யாரோ கோட்டைக் கையால் இழுத்து நீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எண்ணை அடித்துவிடலாம்.

இனி வேலைக்கு வருவோம். மலைச் சரிவில் தாங்குசுவர் கட்டும்போது மணல் இரண்டு இடத்தில் தேவைப்படும். அடித்தளத்துக்குக் கீழே இட்டுக் கெட்டிப்பதற்கு எம்-சாண்ட் மேல். பெரிய பரலின் இடைவெளியை நடுப்பரலும், அதன் இடைவெளியைப் பொடியும் அடைத்து இறுகும். சுவரின் முதுகில், வடிதுளைகளுக்குப் பின்னால் போடும் அடுக்குக்கு அதே இறுக்கம்தான் வினை. வடகிழக்குப் பருவமழையில் செம்மண் ஊறி நீர் வெளியேற வழியில்லாமல் நின்றால், மண்ணோடு தண்ணீரின் தள்ளுவிசையும் சுவர் மேல் சேரும்.

எவ்வளவு வேகமாக வடியும் என்பதற்கு ஆலன் ஹேசன் 1892-ல் மாசசூசெட்ஸில் தந்த தோராயம் இன்றும் கைகொடுக்கிறது: D10-ஐ சென்டிமீட்டரில் எழுதி, வர்க்கப்படுத்தி, 100-ஆல் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று வரும். ஆற்று மணலுக்கு 0.09. எம்-சாண்டுக்கு 0.01, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. அதுவும் தாராளமான மதிப்பீடு. ஹேசனின் சூத்திரம் Cu 5-க்குள் இருக்கும் தூய மணலுக்கானது, 7 சதவீதத் தூசி அதை இன்னும் இறக்கும். தாளில் SP என்று ‘மோசமான’ பட்டம் வாங்கிய மணல்தான் சுவரின் முதுகுக்கு ஏற்றது. ஆனால் அது செம்மண்ணோடு நேராகத் தொட்டால் மண் நுழைந்து அடைத்துக்கொள்ளுமா என்பதைத் தனியே, செம்மண்ணின் வளைகோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கோடு சொல்லாததும் உண்டு. நீளமான, தட்டையான துண்டு தன் குறுகிய பக்கத்தைக் காட்டிக் கண்ணிக்குள் நுழைந்துவிடும்; சல்லடை அதன் நீளத்தை அறியாது. உடைத்த கருங்கல்லில் இத்தகைய துண்டுகள் உண்டு, அதே கோடு கொண்ட உருண்டை மணலைவிடக் கலவைக்குத் தண்ணீர் கூடக் கேட்கும். இதற்குக் கண்ணும் விரலும்தான்.

குடிநீரை வேகமாக வடிகட்டும் தொட்டிக்கு மணல் வாங்குபவருக்குக் கணக்கு இன்னும் கறார். மத்திய அரசின் குடிநீர்க் கையேடு கேட்பது 0.45 முதல் 0.70 மி.மீ. வரை D10, 1.3 முதல் 1.7 வரை Cu. மேலே உள்ள இரண்டுமே தேறாது. ஆற்று மணலை 1.18 மி.மீ.-ல் சலித்து, கடந்ததை மறுபடி 600 மைக்ரானில் சலித்து, அதில் தங்கியதை மட்டும் எடுத்தால் D10 சுமார் 0.64, D60 சுமார் 0.90, Cu 1.4. நூறு கிலோ மணலில் கைக்கு வருவது 38 கிலோ. விலை பேசும்போது மீதி 62 கிலோவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.