வகுப்புப் பாடத்தைக் கட்டணச் சேனலாக்கும் முறை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள செம்மங்குப்பம் போன்ற ஊரில் பத்தாம் வகுப்புக் கணிதம் நடத்தும் ஆசிரியர் தம் பாடங்களைக் கட்டணச் சேனலாக்க முனைந்தால், கேமரா வாங்குவதற்கு முன்பே அனுமதியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்வதாலும், அரசு ஊழியர் நடத்தை விதிகள் அனுமதியற்ற பிற தொழிலைக் கட்டுப்படுத்துவதாலும், பணியிலிருப்பவர் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ இசைவின்றிக் கட்டணம் வாங்குவது முறையாகாது. ஓய்வு பெற்றவருக்கு இச்சிக்கல் இல்லை.

பாடத்தை மாணவர் இல்லாத வகுப்பறையில் பதிவு செய்வதே நல்லது. பிள்ளைகளின் முகமும் குரலும் பதிவானால் பெற்றோரின் ஒப்புதல் தேவைப்படும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சட்டையில் மாட்டும் மைக்கில் பேசி, கரும்பலகை எழுத்து கைபேசியில் கை நீட்டிய தொலைவில் படிக்கும்படி இருக்கிறதா என்று முதல் நிமிடத்தைப் பார்த்துவிட்டே தொடர வேண்டும்.

நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையை அப்படியே ஏற்றுவது பயன் தராது. கூட்டுத்தொடர்வரிசையை எடுத்துக்கொண்டால், வரையறை, n-ஆம் உறுப்பு, கூடுதல், வாழ்க்கைக் கணக்குகள் என ஒவ்வொன்றும் ஒரு காணொளியாகி, பாடநூலின் வரிசையிலேயே எண்ணிடப்பட்டு ஒரே பிளேலிஸ்ட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தொகுப்பில், அமைய வேண்டும். யூடியூப் ஸ்டுடியோவின் பார்வைத் தக்கவைப்பு வரைபடம் ஓரிடத்தில் மேடாக எழுந்தால், மாணவர்கள் அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று பொருள். மாணவருக்கான குறிப்பு எழுதப்பட வேண்டிய இடமும் அதுவே.

கட்டணம் பெறத் தகுந்த குறிப்பு, பாடநூல் பக்கங்களின் நகலாக இருத்தலாகாது. அது பதிப்புரிமை மீறலுமாகும். முதல் உறுப்பு 7, பொது வித்தியாசம் 4 என்றால் இருபதாம் உறுப்பு 7 + 19 × 4 = 83; ஆனால் பலர் 19க்குப் பதில் 20ஐப் பெருக்கி 87 என்று எழுதிவிடுவர். அந்தத் தவறான விடையையும், முதல் உறுப்புக்கு வித்தியாசம் கூட்டப்படுவதில்லை என்ற காரணத்தையும் பக்கவாட்டில் காட்டும் ஒரு பக்கம்தான் காணொளியில் கிடைக்காத பொருள்.

யூடியூப்பின் சேனல் உறுப்பினர் திட்டம் கிடைக்க 500 சந்தாதாரர்கள், கடந்த 90 நாட்களில் 3 பொதுக் காணொளிகள், ஓராண்டில் 3,000 பார்வை மணிநேரம் (அல்லது 90 நாட்களில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வைகள்) வேண்டும்; உறுப்பினர் கட்டணத்தில் 70 விழுக்காடு சேனலுக்கு வரும். சேனல் ‘சிறுவர்களுக்கானது’ என்று குறிக்கப்பட்டால் இத்திட்டம் கிடைக்காது. பத்தாம் வகுப்பினர் பதின்மூன்று வயதைக் கடந்தவர்களாதலால் அந்தக் குறியீடு பொதுவாகத் தேவைப்படாது. அலக் பாண்டே யூடியூப்பில் இலவசமாக நடத்தி, பின்னர் 2020இல் கட்டண வகுப்புகளுக்கெனச் செயலி தொடங்கிய ‘பிசிக்ஸ்வாலா’வின் வழி இங்கும் பொருந்தும்: விளக்கக் காணொளிகள் எல்லோருக்கும், குறிப்பும் பயிற்சித்தாளும் உறுப்பினருக்கு.

யூடியூப் கோப்புகளை ஏற்காது என்பதால் குறிப்பு பிடிஎஃப் ஆக கூகுள் டிரைவில் இருந்து, அதன் இணைப்பு உறுப்பினர் மட்டும் காணும் பதிவில் தரப்பட வேண்டும். இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பரவுவதை முழுமையாகத் தடுக்க இயலாதாகையால், பாடந்தோறும் தனித்தனிக் கோப்பாக வைத்து, பரவிய கோப்பின் பகிர்வை மட்டும் நிறுத்தி, அதன் புதிய நகலின் இணைப்பை உறுப்பினருக்கு அளிப்பதே நடைமுறைக்கு ஏற்றது.